அவருக்கென்று ஒரு தட்டு

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னை அடையாறில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் 11 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒரு அக்காவை மனத்தில் வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள், தன் அம்மா அந்த அக்காவின் மீது கம்மல் திருடியதாகப் பழி போடுவதைப் பார்க்கிறாள். பிறகு கம்மல் கிடைத்துவிடுகிறது. மகள் அழுது மன்னிப்புக் கேட்கிறாள். அக்கா அவளைக் கட்டிக்கொள்கிறார். ஒரே வீட்டுக்குள் இருக்கும் வர்க்க எல்லையைக் காட்டுவதே என் நோக்கம். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஒருவர் மட்டும் "எல்லை தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தார். கதையை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு? அக்காவின் பார்வையிலிருந்து மாற்றி எழுத வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "விடுதியிலிருந்து வந்த மறுநாள் தெய்வானை அக்காவை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை." மகளின் நல்ல மனத்தைக் காட்டுவதற்காக இதை எழுதி, அடுத்த வரியிலேயே கம்மல் காணாமல் போன செய்திக்குத் தாவிவிட்டீர்கள். நீங்கள் எழுத நினைத்த கதை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது. கம்மலை எடுத்துவிட்டு இந்த நாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருட்டுப் பழி என்பது ஒரு சம்பவம். அது ஒரு நாள் நடக்கும், ஒரு நாள் முடியும். கம்மல் கட்டிலுக்கு அடியில் கிடைத்தவுடன் உங்கள் கதையின் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. அதோடு அந்த வீட்டில் இருந்த எல்லையும் அழிந்துவிட்டதைப் போன்ற நிம்மதி வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கம்மல் தொலையாத மற்ற நாட்களிலும் அந்த எல்லை அதே இடத்தில்தான் இருந்தது. யாரும் யாரையும் திட்டாத, எல்லோரும் அன்பாக இருந்த நாட்களில் அது எப்படி நின்றது என்பதைக் காட்டுவதுதான் கடினமான வேலை. இன்னொன்றும் நடக்கிறது. பழி போட்டவர் அம்மா என்பதால் கெட்டவர் ஒருவர் கிடைத்துவிடுகிறார். மகள் முழுவதும் நல்லவளாகிவிடுகிறாள். மகளோடு சேர்ந்து வாசகரும் நல்லவராக வெளியே வந்துவிடுகிறார். கடைசியில் அழுகிற மகளைத் தேற்றும் பொறுப்பும் தெய்வானையின் தலையில் விழுகிறது. பழி சுமந்தவரே பழி போட்ட வீட்டுப் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கிறார். இதை நீங்கள் அன்பின் உச்சமாக எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தபோது, அந்த வீட்டில் அவருக்குக் கொடுக்கப்பட்ட இன்னொரு வேலையாகவே அது பட்டது.

இப்போது நாற்காலிக்கு வருவோம். அந்தக் காட்சியை நடந்தபடியே மெதுவாக எழுதிப் பாருங்கள். மணி பத்தே முக்கால். தெய்வானை பாத்திரம் துலக்கி, கூடம் துடைத்து, துணியைப் பின்பக்கத்துப் பால்கனியில் உலர்த்தி முடித்திருக்கிறார். 11 மணிக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். மகள் மேசையில் தோசைக்கு உட்கார்ந்தபடி, "வா அக்கா, உக்காரு, சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறாள். "வேணாம் பாப்பா, நான் அப்புறமா சாப்ட்டுக்கறேன்." மகள் விடவில்லை. "பாத்திரம் இன்னும் ரெண்டு கிடக்கு பாப்பா." மகள் எழுந்து வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள். மூன்றாவது முறை மறுத்தால் அது பாப்பாவை அவமதிப்பதாகிவிடும் என்பது தெய்வானைக்குத் தெரியும். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்று அரை நொடியில் கணக்குப் போட வேண்டியவர் அந்த அறையில் அவர் ஒருவர் மட்டுமே.

உட்காருகிறார். நாற்காலியின் முன் விளிம்பில், முதுகு சாயாமல். அதற்கு முன் சமையலறைக்குப் போய், சிங்க்குக்கு அடியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் தன் தட்டை எடுத்து வருகிறார்; மேசையில் அடுக்கியிருக்கும் தட்டுகளைத் தொடவில்லை. மகள் இதைப் பார்க்கிறாள், ஆனால் இதில் கவனிக்க எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்தே அந்தத் தட்டு அங்கேதான் இருக்கிறது. அப்போது அம்மா பூசையறையிலிருந்து வருகிறார். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள்; இரண்டு காலி. அம்மா உட்காரவில்லை. "சட்னி போதுமா தெய்வானை?" என்று கேட்கிறார், குரலில் எந்தக் கோபமும் இல்லாமல். பிறகு சமையலறைக்குள் போய், ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்துக்கொண்டு, சாப்பாடு முடியும் வரை அங்கேயே நிற்கிறார். தெய்வானை ஒன்றரைத் தோசையோடு எழுந்து, நாற்காலியை முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டுப் போகிறார்.

இதில் யார் கெட்டவர்? யாருமில்லை. ஆனால் எல்லை முழுவதும் தெரிகிறது. அது தெரிவதற்குக் காரணம், ஒருத்தி அதைத் தாண்டியதுதான். அந்த வீட்டில் அதைத் தாண்டும் உரிமை மகளுக்கு மட்டுமே இருக்கிறது. அவள் சமையலறைத் தரையில் தெய்வானையோடு சம்மணமிட்டு உட்காரலாம். அது குழந்தைத்தனம் என்று ரசிக்கப்படும். தெய்வானை அவளுக்கு அருகே நாற்காலியில் உட்கார்ந்தால் அது ஒரு செய்தியாகிவிடும். தாண்டியவள் மகள், அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவர் தெய்வானை. உங்கள் கதை இதைச் சொல்ல வேண்டும், ஆனால் இந்த வாக்கியத்தைக் கதைக்குள் எழுதிவிடாதீர்கள்.

விலை எப்படி வருகிறது என்பதற்கும் அம்மாவைத் திட்ட வைக்கத் தேவையில்லை. மறுநாள் காலை அம்மா கடைவீதியிலிருந்து ஒரு புதுத் தட்டும் தம்ளரும் வாங்கி வருகிறார். நல்ல கனமான எவர்சில்வர். "உனக்குன்னே வாங்கினேன் தெய்வானை. பழசு நசுங்கிப் போச்சு பாரு." இது பரிசுதான். இதுவே பதிலும்கூட. மகளுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. தன்னால்தான் அம்மா மாறிவிட்டார் என்று நினைக்கிறாள். தெய்வானை தட்டைக் கையில் வாங்கி, "நல்லாருக்கும்மா" என்று சொல்லி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, சிங்க்குக்கு அடியில் பழைய தட்டு இருந்த இடத்தில் கவிழ்த்து வைக்கிறார். அங்கே கதையை நிறுத்துங்கள். மறுநாள் தெய்வானை வந்தாரா, மகள் எப்போது உணர்ந்தாள், இவையெல்லாம் வேண்டாம்.

அக்காவின் பார்வைக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தெய்வானையின் மனத்துக்குள் புகுந்து நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பத்திகளில் அவர் நினைப்பதெல்லாம் உங்கள் வீட்டைப் பற்றியே இருக்கிறது: பாப்பா எவ்வளவு வளர்ந்துவிட்டாள், அம்மாவுக்குக் கால்வலி, இந்த வீடு எனக்குத் தாய்வீடு மாதிரி. தன் வீடு, தன் சீட்டுப் பணம், தன் மகன் ஆகிய எதுவும் அவர் நினைவில் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தது அந்த வீட்டின் உள்பக்கம்; அங்கிருந்தே எழுதுங்கள். மகளே கதையைச் சொல்லட்டும். அவள் எல்லாவற்றையும் சரியாகப் பார்க்க வேண்டும். காரணத்தை மட்டும் தவறாகச் சொல்ல வேண்டும். "அக்கா எப்பவும் அவசரமாகத்தான் சாப்பிடுவாள், அது அவள் பழக்கம்" என்று அவள் எழுதட்டும். அடுத்த வீட்டுக்கு 11 மணிக்குப் போக வேண்டும் என்பது இரண்டு பத்திகளுக்கு முன் வேறொரு பேச்சில் வந்துபோயிருந்தால், வாசகர் தானே சேர்த்துக்கொள்வார்.

இந்த முறையில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, மகளை முட்டாளாக்கிவிடுவது. அவள் 19 வயதுப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், மற்ற விஷயங்களில் கூர்மையானவளாகவே இருக்கட்டும். தன் வசதி எதன் மேல் நிற்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் அவளுக்குக் கண் தெரியவில்லை. மற்றொன்று, 27 வயதான நீங்கள் நடுவில் புகுந்துவிடுவது. உங்கள் பிரதியில் "அன்று எனக்கு அது புரியவில்லை" என்ற வரி நான்கு முறை வருகிறது. நான்கையும் அடித்துவிடுங்கள். அந்த வரி வரும்போதெல்லாம் இன்றைய நீங்கள் அன்றைய மகளிடமிருந்து விலகி நின்று, வாசகரிடம் மன்னிப்பை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறீர்கள்.

அடுத்து, தமிழில் எழுதுகிறவர்கள் சந்திக்கும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் அம்மா "வந்தார்", "சொன்னார்"; தெய்வானை "வந்தாள்", "சொன்னாள்". அவருக்கு 44 வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு 46. உங்களுடைய கடிதத்தில் "அக்கா கட்டிக்கொள்கிறார்" என்று மரியாதையோடு எழுதிய நீங்கள், கதைக்குள் போனதும் ஒருமைக்கு மாறிவிட்டீர்கள். வினைமுற்றின் கடைசி எழுத்தில் ஓர் எல்லை விழுந்துவிட்டது. அதை இழுத்தது கதையில் வரும் மகளா, எழுதிய நீங்களா என்பது வாசகருக்குத் தெரியவில்லை. திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மகள் தன் அம்மாவையும் "அம்மா வந்தாள்" என்றே எழுதட்டும். நெருக்கத்தினால் வரும் ஒருமை இருவருக்கும் பொதுவாகிவிடும். அல்லது வேற்றுமையை அப்படியே வைத்து, அது மகளின் குரல்தான் என்று வாசகர் உறுதியாக அறியும்படி ஓர் இடத்தை உண்டாக்குங்கள்: எடுத்துக்காட்டாக, கூடத்தைத் தாண்டிப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்மணி தெய்வானையைவிட இளையவராக இருந்தும் அவருக்கு "வந்தார்" என்று மகள் எழுதட்டும். எனக்கு முதல் வழி பிடிக்கும். உங்கள் கதைக்கு இரண்டாவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

விளிச்சொற்களையும் ஒரு முறை கணக்கெடுத்துப் பாருங்கள். தெய்வானை 19 வயதுப் பெண்ணை "பாப்பா" என்கிறார். அவளுடைய அம்மாவை "அம்மா" என்கிறார், இரண்டு வயதுதான் வித்தியாசம் என்றாலும். அம்மா அவரைப் பெயர் சொல்லி "நீ" என்கிறார். மகள் "அக்கா" என்றும் சொல்கிறாள், "நீ" என்றும் சொல்கிறாள். குழந்தை சொன்ன "நீ" கொஞ்சலாக இருந்தது. அவள் வளர வளர, எழுத்து மாறாமலேயே, அந்தச் சொல் அம்மா சொல்லும் "நீ" நிற்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மகள் தன் கல்லூரித் தோழியின் அக்காவைத் தொலைபேசியில் "நீங்க" என்று அழைப்பதை அதே பக்கத்தில் ஒரு வரியில் வைத்தால் போதும். விளக்கம் வேண்டியதில்லை.

பேச்சுமொழியிலும் இதே பிழை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. தெய்வானை பேசும்போது "இன்னா பாப்பா, இஸ்துகினு போறே" என்று ஒவ்வோர் ஒலியையும் எழுத்தில் பிடித்திருக்கிறீர்கள். அம்மாவும் மகளுமோ "நான் இன்னும் சாப்பிடவில்லை அம்மா" என்று பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறார்கள். அடையாற்றில் எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கும் ஒரு வட்டார வழக்கு இருக்கிறது. ஒருவருடைய பேச்சை மட்டும் கொச்சையாக எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு மற்றவர்களுடைய பேச்சைச் சலவை செய்து கொடுத்தால், அவர் மட்டுமே வேற்றுக்குரலாக ஒலிப்பார். எல்லோரையும் பேச்சுத்தமிழில் பேச வையுங்கள். தெய்வானையின் பேச்சில் தனித்தன்மை வேண்டுமென்றால் அதை ஒலியில் தேடாதீர்கள். அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார், எந்த இடத்தில் பேச்சை வேலைக்குத் திருப்புகிறார் என்பதில் தேடுங்கள். "பாத்திரம் இன்னும் ரெண்டு கிடக்கு பாப்பா" என்பது அவருடைய மறுப்பு. நேரடியாக "உட்கார மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு அங்கே இடமில்லை.

சில விவரங்களைத் திருத்த வேண்டும். கதை 2023 கோடையில் நடக்கிறது. தெய்வானை பெரும்பாக்கத்தில் வாரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். பேருந்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தச் சில்லறை பொய்யாகிவிடுகிறது. உண்மை அதைவிடக் கதைக்கு உதவுகிறது: கட்டணம் வாங்கும் வண்டிகளை விட்டுவிட்டுச் சாதாரணக் கட்டண வண்டி வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். அவரிடம் பற்றாக்குறையாக இருப்பது காசு மட்டுமல்ல, நேரம். அப்படியிருக்க, மேசையில் உட்கார்ந்து போன கால்மணி நேரம் மகளுக்குப் பாசம், தெய்வானைக்கு அடுத்த வீட்டில் கேட்கப்போகும் ஒரு கேள்வி. அந்த அடுத்த வீட்டை நீங்கள் காட்டவே வேண்டாம். அவர் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போவது போதும்.

"11 ஆண்டுகளாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை" என்று மகள் பெருமையோடு சொல்கிறாள். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். எடுக்காதீர்கள், உங்கள் பிரதியிலேயே மிக வலுவான வரி இதுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்காகக் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கை, வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பா 11 ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்வந்திருந்தால் அதே மகள் பெருமைப்பட்டிருப்பாளா? அந்தப் பெருமையை அவள் வாயிலேயே, எந்தக் குறிப்பும் சேர்க்காமல் விடுங்கள். முடிந்தால் அப்பா ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் பத்தியில் வையுங்கள்.

இன்னும் ஒரு முடிவை நீங்கள் எடுத்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போட முடியாது. தனித் தட்டு, தனித் தம்ளர் என்று எழுதியவுடன் தமிழ் வாசகருக்கு வர்க்கம் மட்டும் தோன்றாது. தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளையை அறிந்த ஊர் இது. அந்த வீட்டில் தட்டைப் பிரித்து வைத்தது சம்பளமா, சாதியா, இரண்டுமா? கதையில் சாதிப் பெயரை எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் கதையின் முதல் பக்கத்தில், காலையில் வந்து சமைத்துவிட்டுப் போகும் ஓர் அம்மாள் ஒரே வரியில் வந்து மறைகிறார். அவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். அவர் காப்பி குடிப்பது எந்தத் தம்ளரில்? அவர் சமையலறைக்குள் போகலாம், பூசையறைக் கதவைத் திறக்கலாம், வீட்டுத் தட்டில் சாப்பிடலாம் என்றால், தெய்வானையின் தட்டைச் சிங்க்குக்கு அடியில் வைத்தது சம்பளம் மட்டுமல்ல. மாறாக இருவருக்கும், குழாய் பழுதுபார்க்க வருகிறவருக்கும், ஒரே மாதிரி தனித் தம்ளர் என்றால் அது வேறு கதை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தச் சமையற்கார அம்மாளை மேசைக் காட்சிக்குள் கொண்டுவாருங்கள். அவர் அடுப்படியில் நின்றபடி வீட்டுத் தம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தெய்வானையைப் பார்க்கட்டும். இரண்டு வேலைக்காரர்கள், இரண்டு தம்ளர்கள், ஒரே பார்வை. வர்க்கம் எங்கே முடிந்து சாதி எங்கே தொடங்குகிறது என்று ஒரு பக்கம் முழுக்க விளக்கினாலும் இந்த அளவுக்குத் தெரியாது.

இதை எழுதும்போது நான் வளர்ந்த வீட்டின் கிணற்றடி மாடத்தில் இருந்த ஓர் அலுமினியத் தம்ளர் கண்முன் வருகிறது. அதை யாரும் எனக்குக் காட்டி, "இது அவளுடையது, நீ தொடாதே" என்று சொன்னதில்லை. ஆனாலும் எவ்வளவு தாகமெடுத்தாலும் நான் அதை எடுத்து நீர் குடித்ததில்லை. சொல்லாமலேயே கற்றுக்கொண்டிருந்தேன். உங்கள் மகளும் அப்படித்தான் கற்றிருப்பாள். அதனால்தான், தெய்வானையைத் தன் பக்கத்தில் உட்கார வைக்கும் துணிச்சல் வந்த அன்றும், தன் முன்னால் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. இந்த விவரம் உங்கள் பிரதியில் இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். மகளுடைய கை தட்டுகளின் பக்கத்தில் இருந்தது, ஆனால் நகரவில்லை. எல்லையைக் காப்பவர் அம்மா மட்டுமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தெய்வானை என்று நீங்கள் பெயர் மாற்றியிருக்கும் அந்த அக்கா இன்னும் அதே தெருவில் வேறு இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். கதை அச்சில் வந்தால் அந்த வீடுகளிலும் படிப்பார்கள். அவருடைய கணவரின் குடி, மகனின் கடன், கழுத்தில் இருக்கும் தழும்பு ஆகிய மூன்றும் கதைக்கு எந்த வேலையும் செய்யவில்லை. அவரை அடையாளம் காட்ட மட்டுமே உதவுகின்றன. மூன்றையும் நீக்கிவிடுங்கள், தெருவையும் மாற்றுங்கள். திருத்திய பிரதி தயாரானதும், இதழுக்கு அனுப்புவதற்கு முன், அவருடைய வேலை நேரத்தில் அல்லாமல் அவருக்கு வசதியான ஒரு நாளில், அவர் விரும்பினால் மட்டும், மேசைக் காட்சியை வாசித்துக் காட்டுங்கள். பாராட்டை எதிர்பார்க்காதீர்கள். "நான் நாற்காலியைத் துடைக்கலையே பாப்பா" என்று அவர் சொன்னால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வேறென்ன செய்தார் என்று அவரே சொன்னால், அதை அங்கே எழுதிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள்.